சதுர அலை கொடுத்தால் இன்டக்ரேட்டர் என்ன வரையும்?

கேள்வி: ஐடியல் ஆப்-ஆம்ப் இன்டக்ரேட்டருக்கு 1 கிலோஹெர்ட்ஸ், ±1 வோல்ட் சதுர அலை தருகிறார்கள். R 10 கிலோ ஓம், C 0.1 மைக்ரோ ஃபாரட். முக்கோணம் வரும் என்று தெரியும். எங்கே தொடங்குவது, எவ்வளவு உயரம் என்றுதான் குழம்புகிறது. டிஃபரன்ஷியேட்டருக்கும் அப்படியே வரையலாமா?

பதில்: சூத்திரத்தில் உள்ள தொகையீட்டுக் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சதுர அலையின் ஒவ்வொரு பாதியிலும் உள்ளீடு மாறாமல் நிற்கிறது. இன்வர்ட்டிங் முனை விர்ச்சுவல் கிரவுண்டில் இருப்பதால் R வழியே ஓடுவதும் மாறாத கரன்ட்தான், 0.1 மில்லி ஆம்பியர். அது முழுவதும் கெபாசிட்டருக்குள் போகிறது. மாறாத கரன்டில் சார்ஜ் ஆகும் கெபாசிட்டரின் வோல்டேஜ் நேர்கோடாகத்தான் ஏறும். சாதாரண RC சர்க்யூட்டை நினைத்துக்கொண்டு வளைவாக வரைந்தால் தப்பு.

ஆக, கணக்கிட வேண்டியது சாய்வு ஒன்றை மட்டும்தான்:

```
சாய்வு = -Vin / (RC)
RC = 10 kΩ × 0.1 µF = 1 ms
```

உள்ளீடு +1 இருக்கும்போது வெளியீடு மில்லி செகண்டுக்கு 1 வோல்ட் வீதம் இறங்கும். பாதி அலை 0.5 மில்லி செகண்ட், எனவே 0.5 வோல்ட் இறக்கம். அடுத்த பாதியில் அதே அளவு ஏற்றம்.

எங்கே தொடங்குவது என்பதைக் கெபாசிட்டரின் ஆரம்ப சார்ஜ்தான் தீர்மானிக்கும். அது பூஜ்யம், முதலில் வருவது +1 என்றால், முக்கோணம் 0-க்கும் -0.5-க்கும் இடையே ஆடும். பலர் பழக்கத்தில் ±0.25 என்று நடுவில் வரைகிறார்கள். அதற்குத் தொடக்கத்தில் வெளியீடு +0.25 வோல்ட் இருந்திருக்க வேண்டும். கேள்வியில் ஆரம்ப நிலை சொல்லவில்லையென்றால், நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

லேப்பில் இதே சர்க்யூட்டை 741 வைத்துப் போட்டால் முக்கோணம் மெல்ல நகர்ந்து போய் சப்ளை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். சிப் கெட்டுவிட்டது என்று மாற்றிப் பார்ப்பார்கள். நானும் மாணவனாக இருந்தபோது இரண்டு சிப் மாற்றியிருக்கிறேன். உண்மையில் 2 மில்லி வோல்ட் ஆஃப்செட் இருந்தாலே போதும், இந்த RC-க்கு வெளியீடு செகண்டுக்கு 2 வோல்ட் நகரும். ±15 சப்ளையில் சில செகண்டில் கதை முடிந்துவிடும். C-க்குக் குறுக்கே 100 கிலோ ஓம் போடுங்கள், நகர்வு நிற்கும். அப்போது முக்கோணமும் கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிடும், ±0.25 படம் இங்கேதான் பொருந்தும்.

சரி, டிஃபரன்ஷியேட்டர். R, C இடம் மாறுகின்றன, வெளியீடு `-RC × dVin/dt`. சதுர அலையின் தட்டையான பகுதியில் மாற்றமே இல்லை, எனவே வெளியீடு பூஜ்யம். விளிம்புகளில் மட்டும் ஊசி: உள்ளீடு ஏறும் இடத்தில் கீழ்நோக்கி, இறங்கும் இடத்தில் மேல்நோக்கி. ஊசியின் உயரத்துக்கு எண் போடாதீர்கள், ஐடியல் படத்தில் அது முடிவிலி. 2 வோல்ட் ஏற்றம் 1 மைக்ரோ செகண்டில் நடந்தால்கூட சூத்திரம் -2000 வோல்ட் என்கிறது! நிஜ ஆப்-ஆம்ப் சப்ளை எல்லையைத் தாண்டாது. அதனால் ஸ்கோப்பில் தெரிவது அகலமான, வெட்டுப்பட்ட ஊசிதான்.