ஒரே பந்தி, ஒருவருக்கு மாலையில் வாந்தி, இன்னொருவருக்கு புதன்கிழமை பேதி

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து: ஞாயிறு வீட்டு விசேஷம். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டோம், 4 மணிக்குள் பத்துப் பேருக்கு மேல் வாந்தி. காய்ச்சல் இல்லை, ராத்திரிக்குள் தெளிந்துவிட்டார்கள். என் மச்சானுக்கு மட்டும் புதன்கிழமை காய்ச்சல், ரத்தத்தோடு பேதி. ஒரே சாப்பாட்டில் இது எப்படி மேடம்?

விஷம் எங்கே தயாரானது என்பதைப் பொறுத்துத்தான் நேரம் மாறும். மூன்று மணி நேரத்தில் ஒரு கிருமி வயிற்றில் குடியேறிப் பெருகி நோய் உண்டாக்குவது கஷ்டம். அதனால் அந்தப் பத்துப் பேரும் பெரும்பாலும் பாத்திரத்திலேயே தயாராகிவிட்ட விஷத்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள். விஷம் வயிற்றுக்குள் போனதும் வாந்தி நரம்பைத் தூண்டிவிடும், வெளியேறியதும் ஆள் தெளிந்துவிடுவார். காய்ச்சல் இல்லாததும் இதோடு ஒத்துப்போகிறது. பந்தியில் என்ன சாதம் போட்டீர்கள், எப்போது வடித்தது?

மஞ்சக்குப்பம்: எலுமிச்சை சாதம். சாதத்தை முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு அண்டாவில் வடித்து மூடி வைத்தோம். காலையில் நன்றாகச் சூடாக்கித்தான் தாளித்தோம்.

அங்கேதான் என் சந்தேகம். பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி அரிசியிலேயே வித்தாக ஒட்டிக்கொண்டு வரும். கொதியில் மற்றக் கிருமிகள் சாகும், இந்த வித்து பிழைத்துக்கொள்ளும். அண்டா சாதம் மேலே ஆறினாலும் நடுவில் விடியும்வரை வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில் வித்து முளைத்துப் பெருகி, செரியுலைடு என்ற விஷத்தைச் சுரந்துவிடும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும்.

சமைத்தவர் கையில் சீழ்ப்புண் இருந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமியும் ஏறக்குறைய இதே நேரத்தில் இதே வேலையைச் செய்யும். கடிகாரத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, மீந்த சாதத்தைச் சோதித்தால்தான் தெரியும். வீட்டு விசேஷத்தில் யார் எடுத்து வைக்கிறார்கள்!

புதுச்சேரி, முதலியார்பேட்டையிலிருந்து: திரும்பக் கொதிக்க வைத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடுமே. சாதத்தின் மேல் பழி போடுவது சரியில்லை.

பாதி சரி. முளைத்த கிருமி சாகும். அது சுரந்து வைத்த செரியுலைடு சாகாது, 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும் சரக்கு அது. குக்கராலும் ஆகாது. வடித்த சாதத்தைத் தாம்பாளங்களில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டிருந்தால் விஷம் உண்டாகவே நேரம் கிடைத்திருக்காது.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அப்போ எங்க வீட்டில் தினமும் சாப்பிடுகிற பழைய சோறு?

தண்ணீர் ஊற்றினால் சோறு சீக்கிரம் ஆறும், அப்புறம் புளிக்கும். அந்தப் புளிப்பில் இந்தக் கிருமிக்கு வளர்வது கஷ்டம். ஆனால் வெந்நீர்ச் சூட்டோடு ராத்திரி முழுக்க மூடிக் கிடந்து, காலையில் புளிப்பே ஏறாத சோறு என்றால் நான் சாப்பிட மாட்டேன். எல்லாப் பழைய சோற்றுக்கும் சேர்த்து உத்தரவாதம் தர முடியாது.

மஞ்சக்குப்பம்: மச்சான் விஷயத்தைச் சொல்லவில்லையே?

அவருக்கு வந்தது வேறு வகை. கேம்பிலோபாக்டர், சால்மோனெல்லா போன்றவை உயிரோடு உள்ளே போக வேண்டும். வயிற்று அமிலத்தில் பெரும்பகுதி செத்துப்போகும். தப்பியவை குடல் சுவரைப் பிடித்து, உள்ளே நுழைந்து, போதுமான எண்ணிக்கைக்குப் பெருகி, குடல் புண்ணான பிறகுதான் காய்ச்சலும் ரத்தமும். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலேயே ஆரம்பிக்கலாம், ஆறு நாளும் ஆகலாம். கேம்பிலோபாக்டருக்கு வழக்கமாக இரண்டிலிருந்து ஐந்து நாள். நிறையக் கிருமி உள்ளே போனால் சீக்கிரம் வரும்.

புதன்கிழமைக் கணக்குக்கு ஞாயிறு கோழிக்குழம்பும் பொருந்தும், திங்கட்கிழமை வெளியே சாப்பிட்டதும் பொருந்தும். எது என்று நான் சொல்ல முடியாது. ரத்தம் போவதால் இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே மலப் பரிசோதனைக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். மருந்து உள்ளே போன பிறகு கிருமி வளர்ந்து காட்டுவது குறைந்துவிடும்.

கடலூர் முதுநகரிலிருந்து: எனக்கு மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலி. எந்தக் கிருமி இவ்வளவு வேகம்?

சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீனா? ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அந்தச் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும், முகம் சிவப்பதும் உடம்பு தடிப்பதும் அதனால்தான். குழம்பு கொதித்தாலும் அது போகாது. உங்களுடன் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் தடித்ததா? ஆம் என்றால் இதுதான். உங்களுக்கு மட்டும் என்றால் மீன் ஒவ்வாமையாக இருக்கலாம், மறுபடி அந்த மீனைத் தொடும் முன் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

வில்லியனூரிலிருந்து: பையனுக்கு டைபாய்டு என்கிறார்கள். நேற்று சாப்பிட்ட ஓட்டல்மேல் புகார் கொடுக்கலாமா?

நேற்றைய ஓட்டலை விட்டுவிடுங்கள். டைபாய்டு கிருமி குடலைத் தாண்டி ரத்தத்தில் ஏறி, கல்லீரல், மண்ணீரல் வரை போய்ப் பெருகித்தான் காய்ச்சலாகத் தெரியும். வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத்தில் எங்கெங்கே தண்ணீர் குடித்தான் என்று பையனிடம் கேட்டுப் பாருங்கள்.