ஷாம்பு பாட்டில் எதற்குச் சாட்சி?

மார்க்கெட்டிங் புராஜெக்ட்டில் ஷாம்பு பாட்டிலையும் அதன் விளம்பரத்தையும் ஆதாரமாகக் காட்டலாமா, கைடு ஒத்துக்கொள்வாரா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் காட்டலாம். ஆனால் உங்கள் வரைவில் ‘இயற்கையான பொருள் என்பதால் வாடிக்கையாளர்கள் நம்பி வாங்குகிறார்கள்’ என்று எழுதி, பக்கத்திலேயே பாட்டில் படத்தை ஒட்டியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். நிறுவனம் தன் பொருளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதற்கு மட்டும்தான் பாட்டில் சாட்சி. சொன்னது உண்மையா என்பதற்குச் சோதனை முடிவு வேண்டும், ஜனங்கள் நம்பினார்களா என்பதற்கு சர்வேயோ விற்பனைத் தரவோ வேண்டும். வேலைக்கான நேர்முகத்தில் புராஜெக்ட்டைப் புரட்டுகிறவர் முதலில் கைவைப்பதும் இந்த மாதிரி வரியில்தான்.

அதற்காகப் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். முன்பக்கம் பெரிய இலைப் படம், ‘இயற்கை’ என்ற சொல். பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல், அதில் முன்பக்கப் படத்தில் இருக்கும் மூலிகையின் பெயர், வாசனைப் பொருளுக்கும் கீழே. இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்தால் அதுவே நல்ல வாதம், யாரும் மறுக்க முடியாது. ஒன்று மட்டும் கவனம்: அழகுப் பொருட்களில் சேர்மானங்களை அளவு அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுவதுதான் பல நாடுகளில் விதி என்றாலும், 1 சதவீதத்துக்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம், அதனால் ‘வாசனைப் பொருளைவிட மூலிகை குறைவு’ என்று அடித்துச் சொல்லாமல் ‘பட்டியலின் கடைசிப் பகுதியில் உள்ளது’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, மேற்கோள். ஏ.பி.ஏ. முறையில் ஆசிரியர் இடத்தில் நிறுவனத்தின் பெயர், அப்புறம் ஆண்டு, பொருளின் பெயர், சதுர அடைப்புக்குறிக்குள் இது பொருளின் உறை என்ற குறிப்பு. ஆண்டு என்ற இடத்தில் தயாரிப்புத் தேதியைப் போட்டுவிடாதீர்கள். அது ஷாம்பு தயாரான நாள், உறை வடிவமைத்த நாள் அல்ல. பதிப்புரிமை ஆண்டு அச்சாகியிருந்தால் அது, இல்லாவிட்டால் n.d. போதும். உறையைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள் என்பதால் பேட்ச் எண், அளவு, எந்த நாட்டில் எப்போது வாங்கியது என்பதையெல்லாம் படத்துக்குக் கீழே குறிப்பாகக் கொடுங்கள். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துப் பின்னிணைப்பில் சேருங்கள்.

போனில் பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ பார்த்த விளம்பரம்தான் தொல்லை. உங்களுக்குக் காட்டியதை கைடுக்குக் காட்டாது. மெட்டாவின் விளம்பர நூலகத்தில் (Ad Library) தேடினால் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஓர் அடையாள எண் கிடைக்கும், அதைக் குறியுங்கள். ஆனால் சாதாரணப் பொருள் விளம்பரங்கள் பல நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அங்கே தெரியும், நிறுத்தியதும் போய்விடும். எனவே கண்ட அன்றே தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பின்னால் இதை ஜர்னலுக்கு அனுப்புவதாக இருந்தால், படத்தை அப்படியே வெளியிட நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் கேட்கக்கூடும். அது தாமதமானால் படத்தை எடுத்துவிட்டு வாசகத்தை மட்டும் மேற்கோள் காட்டுங்கள்.