தேடலில் புதிய கடையின் பொருள் ஏன் தெரிவதில்லை?

"இணையச் சந்தையில் புதிதாக விற்கிறேன். தேடினால் என் பொருள் பத்தாவது பக்கத்தில்கூட இல்லை. ஏன்?"

தேடல் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் தேடிய சொற்களுக்குப் பொருந்துபவை பொறுக்கப்படுகின்றன. பிறகுதான் எது விற்கும் என்று கணித்து வரிசைப்படுத்துகிறார்கள். இரண்டாவதில் பழைய விற்பனையும் மதிப்புரைகளும் பேசும். அவை உங்களிடம் இன்னும் இல்லை. முதல் கட்டமோ பெரும்பாலும் உங்கள் கையில்.

எஃகுத் தண்ணீர் பாட்டில் விற்கிறீர்கள் என்று வையுங்கள். தலைப்பில் 'அற்புதத் தரம்' என்று எழுதிவிட்டு (அதை யாரும் தேடுவதில்லை), கொள்ளளவுக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். வாங்குபவர் தேடல் முடிவுகளைச் சுருக்க '1 லிட்டர்' என்ற வடிகட்டியைத் தொட்டதும் உங்கள் பாட்டில் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும்.

விற்பனையாளர் பக்கத்தில், பொருள் எத்தனை முறை காட்டப்பட்டது என்று பாருங்கள். எண்ணிக்கை மிகக் குறைவென்றால் முதலில் தலைப்பையும் விவரங்களையும் சரிபாருங்கள். நிறையக் காட்டியும் யாரும் கிளிக் செய்யவில்லையென்றால் முதல் படத்தையோ விலையையோ மாற்றுங்கள்.