பதில் மெயிலில் எதை வெட்டுவது, எதை விடுவது?

"பத்துப் பதில் தாண்டினாலே மெயில் முழுக்கப் பழைய பேச்சும் ஒரே கையொப்பமும்தான் இருக்கிறது. எதை வெட்டலாம்?"

நீங்கள் பதில் சொல்லும் வரியையும் அதை எழுதியவர் யார் என்பதையும் மட்டும் விட்டுவிட்டு, மற்றதை வெட்டிவிடலாம். இரண்டு பக்க மெயிலில் தேதிக்கு மட்டும் பதில் என்றால் இவ்வளவு போதும்:

```
கவிதா எழுதியது:
> [...]
> கூட்டத்தை வியாழனுக்கு மாற்றலாமா?

மாற்றலாம். காலை 11 மணி சரி.
```

`[...]` என்பது இங்கே கொஞ்சம் வெட்டப்பட்டது என்பதற்கான அடையாளம். "பட்ஜெட் கிடைத்தால்" போன்ற நிபந்தனை முந்தைய வரியில் இருந்தால் அதை வெட்டாதீர்கள். கேட்டவர் சொன்னதே மாறிப்போகும்.

அப்புறம் கையொப்பம். இதை அனுப்புகிறவரே சரி செய்வதுதான் நல்லது. கையொப்பத்துக்கு மேலே தனி வரியில் இரண்டு சிறு கோடுகளும் ஒரு இடைவெளியும் (`-- `) இருக்க வேண்டும். வெற்று உரை மெயிலில் இதைப் பார்த்தால், பல மெயில் நிரல்கள் பதில் எழுதும்போது அதற்குக் கீழே உள்ளதைத் தாமே விட்டுவிடும். அந்த இடைவெளி விடுபட்டால் அது வெறும் கோடுதான், கையொப்பம் ஒட்டிக்கொண்டே வரும். இடைவெளி கண்ணுக்குத் தெரியாது என்பதால், உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, அதற்குப் பதில் எழுதத் தொடங்கிப் பாருங்கள்.