அனிமேஷன் குறும்பட நல்கை: பட்ஜெட், பிட்ச் வீடியோ – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நல்கை விண்ணப்பம் பற்றியவை. அவற்றில் கால்வாசி, விதிமுறைக் குறிப்பை ஒரு தடவை முழுதாகப் படித்திருந்தால் எழுதவே தேவைப்பட்டிருக்காதவை. அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

பட்ஜெட்டை எக்செல் கோப்பாக அனுப்புவதா, பிடிஎஃப் ஆகவா?

அவர்கள் எதைக் கேட்டிருக்கிறார்களோ அதை. படிவம் தந்திருந்தால் அந்தப் படிவத்திலேயே நிரப்புங்கள். அதன் வரிகளை நீக்காதீர்கள், பெயரை மாற்றாதீர்கள்.

என் படம் ஆறு நிமிடம். கையால் வரையும் இருபரிமாண அனிமேஷன். நானும் ஒரு நண்பரும் ஆறு மாதத்தில் முடித்துவிடுவோம். இருவருக்கும் சம்பளம் வேண்டாம் என்று பூஜ்யம் போட்டிருக்கிறேன். குறைந்த தொகை கேட்டால் நல்கை கிடைக்கும் வாய்ப்பு கூடும் அல்லவா?

கூடாது. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உழைப்புக்குப் பூஜ்யம் போட்ட பட்ஜெட்டைப் பார்க்கும் நடுவர் "எவ்வளவு சிக்கனமானவர்" என்று நினைப்பதில்லை. "இந்தப் படத்தில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று இவருக்கே தெரியவில்லை" என்றுதான் நினைக்கிறார். உங்கள் கணக்கைப் பார்த்தால் அவர் நினைப்பது சரியாகவும் இருக்கிறது.

போட்டுப் பார்ப்போம். ஆறு நிமிடம் என்றால் 360 விநாடி. தலைப்புக்கும் முடிவுப் பெயர்ப்பட்டியலுக்கும் 30 விநாடியைக் கழித்தால் 330. நீங்கள் அனுப்பிய ஸ்டோரிபோர்டைப் பார்த்து ஷாட்களை மூன்றாகப் பிரித்தேன். வாய் மட்டும் அசைவது, நடை போலத் திரும்பத் திரும்ப வரும் அசைவு ஆகியவை எளிதானவை. சுமார் 120 விநாடி. சாதாரண நடிப்பு 150 விநாடி. கூட்டம், ஓட்டம், திரும்பும் கேமரா என்று கடினமானவை 60 விநாடி. நொடிக்கு 12 ஓவியம் என்று வைத்துக்கொண்டால், பழகிய ஒரு அனிமேட்டர் எளிதான ஷாட்டை வாரத்துக்குச் சுமார் 15 விநாடி வரைவார். சாதாரணமானதை 8 விநாடி, கடினமானதை 4 விநாடி. ஆக முதல் வகைக்கு 8 வாரம், இரண்டாவதற்கு 19, மூன்றாவதற்கு 15. மொத்தம் 42 ஆள்-வாரம். இது ரஃப் அனிமேஷனுக்கு மட்டும்.

கோட்டைச் சுத்தம் செய்து வண்ணம் தீட்ட, வாரம் 12 விநாடி வீதம் இன்னும் 28. பின்னணி ஓவியங்கள் 36 தேறுகின்றன; வாரம் மூன்று என்றால் 12. ஓவிய அடுக்குகளை ஒரே படமாகச் சேர்க்கும் கம்பாசிட்டிங்குக்கு 6. ஸ்டோரிபோர்டைத் திருத்துவது, கதாபாத்திர வடிவமைப்பு, ஸ்டோரிபோர்டு ஓவியங்களை நேரக்கணக்கோடு ஓடவிடும் அனிமேட்டிக் மூன்றுக்கும் சேர்த்து 10. கூட்டினால் 98, நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருவர் ஆறு மாதம் உழைத்தால் கிடைப்பது 52 ஆள்-வாரம். உங்கள் படத்தில் பாதிதான் முடிந்திருக்கும். கவனியுங்கள், எல்லா வேலைக்கும் நீங்கள் இருவரும் ஒரே வேகத்தில் கை வைப்பீர்கள் என்றும் இதில் நான் தாராளமாக நம்பியிருக்கிறேன்.

சம்பள வரியில் ஒரு எண்ணைப் போட வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் இந்தக் கணக்கை நீங்களே போட்டிருப்பீர்கள். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம் என்பதால் வாரங்களை எண்ணத் தோன்றவில்லை. அதுதான் இந்தப் பழக்கத்தின் பெரிய கேடு.

அடுத்த கேடு நடுவழியில் வரும். நான்காம் மாதம் நண்பருக்குச் சம்பளமுள்ள வேலை கிடைக்கிறது, போய்விடுகிறார். நியாயம்தான். அவர் இடத்தில் ஒருவரை அமர்த்தப் பணம் வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் அந்த வரியே இல்லை. நல்கை ஒப்பந்தமான பிறகு தொகையை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்க முடியாது. பாதியில் நின்ற படங்களை விசாரித்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றிருக்கும்.

சரி, உண்மையிலேயே கூலி வாங்காமல் உழைக்கத் தயார் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. நூறு வாரத்துக்கும் சந்தையில் என்ன கூலியோ அதைச் செலவுப் பக்கத்தில் முழுதாக எழுதுங்கள். அதில் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறீர்களோ அந்தத் தொகையை வரவுப் பக்கத்தில் "சொந்தப் பங்களிப்பு, உழைப்பாக" என்று காட்டுங்கள். இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒன்றாக வர வேண்டும். அப்போது நடுவருக்குப் படத்தின் முழு மதிப்பும் தெரிகிறது, அதில் நீங்கள் போடும் பங்கும் தெரிகிறது. சில நல்கைகள் இப்படிக் காட்டும் பங்களிப்புக்கு உச்சவரம்பு வைத்திருக்கும். விதிமுறையைப் படியுங்கள்.

பட்ஜெட் போட்ட பிறகு அனிமேட்டிக் செய்தால் போதுமா?

போதாது. மேலே போட்ட கணக்கு முழுவதும் ஷாட் நீளத்தை நம்பி நிற்கிறது. ஷாட் நீளம் அனிமேட்டிக்கில்தான் தெரியும். ஸ்டோரிபோர்டை வைத்து ஆறு நிமிடம் என்று சொன்ன படம் அனிமேட்டிக்கில் எட்டு நிமிடமாக வருவது சாதாரணம். அனிமேட்டிக் இல்லாமல் பட்ஜெட் போடாதீர்கள்.

பிட்ச் வீடியோவுக்கு மூன்று நிமிடம் தந்திருக்கிறார்கள். இசையோடு, எழுத்துகளோடு, விறுவிறுப்பான டிரெய்லர் போலச் செய்து அனுப்பினேன். தேர்வாகவில்லை. என்ன குறை?

இணைப்பைத் திறந்து பார்த்தேன். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. முடித்தபோது கதை என்னவென்று எனக்குத் தெரியவில்லை. டிரெய்லர் டிக்கெட் வாங்கப்போகிறவருக்கு. அவரிடம் முடிவை மறைக்கலாம். நடுவர் பணம் கொடுக்கப்போகிறவர். கதை எங்கே போய் முடிகிறது என்பதை அவரிடம் மறைத்தால், உங்களுக்கே இன்னும் முடிவு பிடிபடவில்லை என்று எடுத்துக்கொள்வார்.

முதல் 15 விநாடிக்குள் இது யாரைப் பற்றிய, எதைப் பற்றிய படம் என்று சொல்லிவிடுங்கள், படத்தின் ஓவியங்களின் மேலேயே. நிறுவனச் சின்னம் சுழன்று வருவதெல்லாம் வேண்டாம். பிறகு அனிமேட்டிக்கிலிருந்து தொடர்ச்சியான ஒரு காட்சியை 40 விநாடி அளவுக்கு வெட்டாமல் காட்டுங்கள். நேரத்தைக் கையாளத் தெரிந்தவரா நீங்கள் என்பது துண்டு துண்டாக ஒட்டியதில் தெரியாது, தொடர்ந்து ஓடும் காட்சியில்தான் தெரியும். அடுத்து, முழுமையாக முடித்த சோதனை ஷாட் ஒன்று. பத்து விநாடி போதும். மீதி நேரத்தில் இந்தப் படத்தை ஏன் அனிமேஷனாகச் செய்கிறீர்கள், யார் யார் சேர்ந்து செய்கிறீர்கள், பணம் எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். இரண்டரை நிமிடத்தில் முடிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தந்த நேரத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சோதனை ஷாட்டுக்கு எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுப்பது? படத்திலேயே பிரமாண்டமான புயல் காட்சியைச் செய்யலாம் என்றிருக்கிறேன்.

புயலை விடுங்கள். படத்தில் அதிகம் வரும் வகை எதுவோ, அதிலிருந்து ஒரு ஷாட் எடுங்கள். ரஃப் முதல் கம்பாசிட்டிங் வரை எந்தக் கட்டத்துக்கு எத்தனை நாள் ஆனது என்று குறித்துக்கொண்டே செய்யுங்கள். எட்டு விநாடி ஷாட்டின் ரஃப் வேலைக்கு ஐந்து நாள் ஆனதென்றால் அதுதான் உங்கள் உண்மையான வாரக் கணக்கு. மேலே நான் சொன்ன 15, 8, 4 எல்லாம் பொதுவான வேகம். உங்கள் கை வேகம் வேறாக இருக்கலாம். பட்ஜெட்டின் குறிப்புப் பகுதியில் "சோதனை ஷாட்டில் கிடைத்த வேகத்தின்படி" என்று ஒரு வரி எழுதினால், அதற்குப் பிறகு உங்கள் எண்களை யாரும் எளிதில் அசைக்க முடியாது.

ஒரு பொருத்தமின்மையை அடிக்கடி பார்க்கிறேன். வீடியோவில் ஒவ்வொரு ஓவியமும் நீர்வண்ணத்தில் மிளிரும். பட்ஜெட்டில் கட்-அவுட் பொம்மையை நகர்த்தும் அளவுக்குத்தான் வாரங்கள் இருக்கும். நடுவர் குழுவில் ஒரு அனிமேட்டராவது இருப்பார். அவர் கண்ணுக்கு இது தப்பாது.

பிட்ச் வீடியோவுக்கு மட்டும் பிரபலமான பாடலைப் போட்டுக்கொள்ளலாமா? பொதுவில் வெளியிடப்போவதில்லை.

வேண்டாம். உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். வீடியோ தளத்தின் தானியங்கிச் சோதனை அந்தப் பாடலைக் கண்டுபிடித்து ஒலியை முடக்கலாம், வீடியோவையே தடுக்கவும் செய்யலாம். நடுவர் திறக்கும் நாளில் அது நடந்தால் உங்களுக்குத் தகவல்கூட வராது. அந்தப் பாட்டு இல்லாமல் காட்சி நிற்கவில்லை என்றால் காட்சியைத் திருத்துங்கள்.

ஒலிக்கும் இசைக்கும் எவ்வளவு ஒதுக்குவது? கடைசியில் மிஞ்சுவதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கடைசியில் மிஞ்சாது. மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். படப்பிடிப்பில் தானாகக் கிடைக்கும் ஒலி என்று அனிமேஷனில் எதுவும் கிடையாது. காலடி ஓசை முதல் எல்லாவற்றையும் யாரோ உருவாக்க வேண்டும். இசையமைப்பாளரோடு எழுதும் ஒப்பந்தத்தில் திரைப்பட விழாவுக்கு மட்டுமா, இணையம், தொலைக்காட்சி எல்லாவற்றுக்குமா என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். விழாவுக்கு மட்டும் என்று மலிவாக வாங்கிவிட்டு, பிறகு படத்தை விற்க முடியாமல் தவிப்பவர்கள் பலர்.

இதோடு சேர்த்து: சப்டைட்டில், திரையரங்கில் ஓட்டும் டிசிபி கோப்பு, விழாக்களின் நுழைவுக் கட்டணம், கோப்புகளை இரண்டு இடங்களில் சேமிக்கும் செலவு. வருகிற பட்ஜெட்களில் பாதிக்கு இந்த நான்கும் இருப்பதில்லை.

புதிய கணினியும் வரைபலகையும் நல்கைப் பணத்தில் வாங்கலாமா?

பல நல்கைகள் சொத்து வாங்க அனுமதிப்பதில்லை. வாடகையாகக் காட்டுங்கள்; அல்லது தேய்மானத்தைக் காட்டுங்கள். மூன்று ஆண்டு உழைக்கும் கருவியை ஓராண்டுப் படத்துக்குப் பயன்படுத்தினால் விலையில் மூன்றில் ஒரு பங்கு. முடிவு வருவதற்கு முன்பே வாங்கிய பொருளுக்கான ரசீது பெரும்பாலும் செல்லாது. விதிமுறையைப் படியுங்கள் என்று மறுபடியும் சொல்ல வைக்கிறீர்கள்.

எதிர்பாராச் செலவு என்று எவ்வளவு போடலாம்?

பத்து சதவீதம், தனி வரியாக. "இதர செலவுகள்" என்ற பெயரில் ஒளித்து வைத்தால் முதலில் அதைத்தான் வெட்டுவார்கள்.

நல்கை கிடைத்துவிட்டது! முழுத் தொகையும் எப்போது கைக்கு வரும்?

வாழ்த்துகள். பெரும்பாலும் தவணைகளில் வரும். கடைசித் தவணை, பத்து இருபது சதவீதம் இருக்கலாம், முடிந்த படத்தையும் கணக்கையும் ஒப்படைத்த பிறகே கிடைக்கும். ஒலிக்கலவைக்கான பணத்தைக் கட்ட வேண்டிய நேரமும் படம் முடியும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அந்தக் கடைசித் தவணையை நம்பி ஸ்டுடியோவுக்கு நாள் குறித்துவிடாதீர்கள். மாதவாரியாக வரவு செலவு அட்டவணை ஒன்று போட்டு, எந்த மாதத்தில் கை காலியாகிறது என்று இப்போதே பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் தவணையை மாற்றித் தரக் கேளுங்கள். கையெழுத்திட்ட பிறகு எனக்கு எழுதிப் பயனில்லை.