மின்வெட்டு நேரத்தில் காணொளி: பேட்டரியைத் தின்பது எது?

குன்னூர் மாணவி: சார், மழையில் கரண்ட் போனால் லேப்டாப்பில்தான் வகுப்புக் காணொளி பார்க்கிறேன். படம் பார்த்தால் மட்டும் சார்ஜ் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. இன்டெல் 8-ஆம் தலைமுறை.

உங்கள் சிப்பில் எச்.264, எச்இவிசி, விபி9 ஆகிய மூன்று கோடெக்குகளில், அதாவது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில், வரும் காணொளியை விரிப்பதற்குத் தனிச் சுற்று உண்டு. 2018-இல் வெளிவந்த ஏவி1-க்கு இல்லை. இன்டெல் லேப்டாப்களில் அது 11-ஆம் தலைமுறையில்தான் வந்தது. தனிச் சுற்று வேலையைச் செய்யும்போது, ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் பிராசசரின் கோர்கள் உறங்கிவிடுகின்றன. அந்தச் சுற்று இல்லாத கோடெக் வந்தால் கோர்களே கணக்குப் போட வேண்டியிருப்பதால், படம் ஓடி முடியும்வரை அவற்றுக்கு உறக்கம் கிடையாது.

யூடியூப் காணொளியின் மேல் வலது கிளிக் செய்து Stats for nerds திறந்து, Codecs வரியில் av01 என்று தொடங்குகிறதா, vp09 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். அதே நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் GPU பக்கத்திலுள்ள Video Decode கோடு தரையோடு கிடந்து, CPU ஏறி நின்றால் உங்கள் நோய் இதுதான். பயர்பாக்ஸ் என்றால் about:config-இல் media.av1.enabled என்பதை false ஆக்கிவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறங்கள். பெரும்பாலும் vp09 வரும். குரோமுக்கு enhanced-h264ify நீட்சி இருக்கிறது. அதில் ஏவி1-ஐ மட்டும் தடுங்கள், விபி9-ஐத் தொடாதீர்கள்.

பலன் எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்ப்போம். உங்கள் பேட்டரி பழசாகி 35 வாட்-மணி மட்டுமே கொள்வதாக வைத்துக்கொள்வோம். 1080p60 படத்தைக் கோர்களே விரிக்கையில் திரையும் சேர்த்து 15 வாட் இழுத்தால் 2 மணி 20 நிமிடம் வரும். தனிச் சுற்றுக்கு மாறி 8 வாட்டாகக் குறைந்தால் ஏறக்குறைய 4 மணி 20 நிமிடம். 360p-யில் பார்ப்பவருக்கு இவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஏவி1-க்கான மென்பொருள் டிகோடர்கள் சிறிய படத்தைச் சுலபமாகவே விரித்துவிடுகின்றன.

கோத்தகிரி: ஏவி1 கோடெக் பேக் ஒன்றை இறக்கி நிறுவினால் போதாதா?

போதாது. கோடெக் பேக் மென்பொருள்தான். சிப்பில் இல்லாத சுற்றை அது கொண்டுவராது. தெரியாத தளங்களிலிருந்து அவற்றை இறக்க வேண்டாம் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

மஞ்சூர்: எங்களுக்குப் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இதுவும் டிகோடர் கோளாறா?

இல்லை, அது இணைய வேகம். இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

கூடலூர்: ஏவி1-க்கு டேட்டா குறைவு. டேட்டா குறைந்தால் பேட்டரியும் மிச்சம்தானே? நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள்.

பாதி சரி. ஒரே தரத்துக்கு ஏவி1 குறைந்த டேட்டாவே கேட்கும். ஆனால் வைஃபையில் இருக்கும் லேப்டாப் படத்தைத் துண்டு துண்டாக வாங்கி வைத்துக்கொண்டு, நடுவில் ரேடியோவை ஓயவிடுகிறது. அங்கே மிச்சமாவது சொற்பம். பிராசசர் கூடுதலாக இழுப்பது பல வாட்.

கூடலூர் மீண்டும்: நான் சொன்னது போனைப் பற்றி. எங்கள் பள்ளத்தில் சிக்னல் ஒரே ஒரு கோடு.

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சிக்னல் நலிந்த இடத்தில் போன் கோபுரத்தோடு பேசவே அதிக மின்சாரம் செலவழிக்கும், அதே துண்டை வாங்கவும் அதிக நேரம் விழித்திருக்கும். அங்கே டேட்டா குறைவது உண்மையிலேயே உதவும். 480p-யில் மென்பொருள் விரிப்பின் செலவை அது ஈடுகட்டவும் கூடும்.

உதகை ஆசிரியை: என் போனில் வெளிச்சத்தைப் பாதியாக்கியதும் சார்ஜ் நன்றாக நின்றது. கோடெக்கைவிட அதுதானே முக்கியம்?

சிறிய படம் பார்க்கும் போனில் உங்கள் பேச்சை மறுக்க மாட்டேன். கூடலூர் நண்பரின் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே படத்தை இரண்டு கோடெக்கிலும் அரை மணி நேரம் ஓட்டி, சதவீதம் எவ்வளவு இறங்கியது என்று அவரே எழுதட்டும்.

அருவங்காடு: என்னுடையது 10-ஆம் தலைமுறை. ஏவி1 உண்டா?

11 என்று எழுதியிருக்கிறேன். 10-இல் இல்லை.

வெல்லிங்டன்: 9-ஆம் தலைமுறையில்?

மேலே படியுங்கள்.

எடப்பள்ளி: பழைய லேப்டாப் வாங்கப் போகிறேன். ரைசன் 7530U என்று எழுதியிருக்கிறது. 7000 வரிசை என்றால் புதிது, ஏவி1 இருக்கும் என்கிறார் கடைக்காரர்.

எண் புதிது, உள்ளே இருக்கும் வேகா கிராபிக்ஸ் பழையது. ஏவி1 விரிப்பான் அதில் இல்லை. ரைசன் 6000 வரிசையின் 6600U-இல் இருக்கிறது. எண்ணில் சிறியதாயிற்றே என்று தயங்க வேண்டாம். கடையிலேயே ஒரு யூடியூப் படத்தை av01-இல் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரையும் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.