கடைப் பக்கத்தில் நீயா, நீங்களா?

கேள்வி: எங்கள் கடைப் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களை 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா? 'நீங்கள்' போட்டால் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது போல ஆகி, நெருக்கம் போய்விடுமோ?

'நீங்கள்' என்றே எழுதுங்கள். தமிழில் அது பன்மை மட்டும் இல்லை, எதிரே நிற்கிற ஒரே ஒருவருக்கும் நாம் கொடுக்கிற மரியாதை. அதனால் படிப்பவர் அதைத் தனக்கென்றே எடுத்துக்கொள்வார். கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிற தொனி வருவது 'நண்பர்களே', 'நீங்கள் அனைவரும்' போன்ற சொற்களால்தான். அவற்றை எடுத்துவிட்டு "உங்களுக்குப் பிடித்த நிறம் எது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், ஒருவரிடம் கேட்பது போலவே இருக்கும்.

நானும் முதலில் 'நீ' பக்கம்தான் இருந்தேன். ஒரு துணிக்கடைப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தபோது "உனக்குப் பிடித்த நிறம் எது? கமெண்டில் சொல்லு" என்று போட்டேன். இளைஞர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு அம்மா, "மகளுக்கு வாங்கலாம் என்று வந்தேன், என்னையா தம்பி, 'நீ' என்கிறீர்கள்?" என்று எழுதியிருந்தார். அவர் எனக்கு 'என்கிறீர்கள்' போட்டிருந்ததைப் பார்த்ததும் அன்றே மாற்றிவிட்டேன். பின்தொடர்கிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்களாகவே இருக்கட்டும், பணம் கொடுப்பவர் அவர்களுடைய அம்மாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம். 'நீங்கள்' என்றதற்காக எந்த இளைஞரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உண்மையில் பலர் தடுமாறுவது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இல்லை, கடைசி வரை அதிலேயே நிற்பதில்தான். ஏனென்றால் தமிழில் 'நீ', 'நீங்கள்' என்ற சொல்லையே விட்டுவிட்டாலும் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பாருங்கள்:

"உன் அளவு தீர்ந்துவிட்டதா? கவலைப்படாதே! தங்கள் எண்ணை இன்பாக்ஸில் அனுப்பவும், நாங்க கூப்பிடுறோம்."

இரண்டு வரிக்குள் நாலு பேர் பேசுகிறார்கள். 'உன்', 'கவலைப்படாதே' என்பவை தோளில் கைபோட்டுப் பேசுகின்றன, 'தங்கள்' எழுந்து நின்று கும்பிடுகிறது, 'அனுப்பவும்' அறிவிப்புப் பலகையில் இருந்து வந்தது, கடைசியில் வீட்டுப் பேச்சு. நான் இப்படி மாற்றுவேன்: "உங்கள் அளவு தீர்ந்துவிட்டதா? கவலைப்படாதீர்கள். உங்கள் எண்ணை இன்பாக்ஸில் அனுப்புங்கள், நாங்கள் அழைக்கிறோம்." பேச்சு நடைதான் வேண்டும் என்றால் அதையும் முழுதாகச் செய்யுங்கள்: "உங்க அளவு தீர்ந்துடுச்சா? கவலைப்படாதீங்க. உங்க நம்பரை இன்பாக்ஸ்ல அனுப்புங்க, நாங்க கூப்பிடுறோம்." இரண்டிலும் மரியாதை ஒன்றுதான், நடைதான் வேறு. பதிவைப் போடுவதற்கு முன் 'உன்', 'உனக்கு' எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள், அப்புறம் '-ஆதே' என்று முடிகிற சொற்களைப் பாருங்கள். என் அனுபவத்தில் அதிகம் தப்பிவிடுவது அதுதான்: 'மறக்காதே', 'தவறவிடாதே'.

பொத்தான்களில் மட்டும் 'அனுப்பு', 'சேமி', 'நீக்கு' என்று இருப்பது தவறில்லை. அங்கே பேசுவது கடை இல்லை, வாடிக்கையாளர் கருவிக்குச் சொல்கிற கட்டளை அது. ஆனால் பதிவுக்குள் "இங்கே அழுத்து" என்று எழுதினால் கட்டளையிடுவது நீங்கள், கேட்டு நடக்க வேண்டியவர் வாடிக்கையாளர். அங்கே 'அழுத்துங்கள்'தான் சரி.

பேச்சு நடையில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. "இன்றே வாங்க" என்றால் 'வாருங்கள்' என்றும் படிக்கலாம், 'வாங்குவதற்கு' என்றும் படிக்கலாம். கீழே ஒரு எண்ணோ இணைப்போ இருந்தால் வாசகரே புரிந்துகொள்வார். இல்லை என்றால் "இன்றே வாங்குங்க" அல்லது "கடைக்கு வாங்க" என்று பிரித்தே எழுதிவிடுங்கள்.

கமெண்டுக்குப் பதில் எழுதும்போது 'அண்ணா', 'அக்கா', 'ப்ரோ' போட வேண்டுமா என்று அடுத்து யோசிப்பீர்கள். படத்தையும் பெயரையும் வைத்து வயதை, ஆணா பெண்ணா என்பதை ஊகிக்கப் போய் நான் இரண்டு முறை தவறாகக் கூப்பிட்டிருக்கிறேன். அவர்களே முதலில் 'அண்ணா' என்று ஆரம்பித்தால் திருப்பிச் சொல்லலாம், அப்போதும் வினைச்சொல் '-ங்கள்' அல்லது '-ங்க' ஆகவே இருக்கட்டும். மற்றவர்களுக்கு "வணக்கம், நீங்கள் கேட்ட அளவு இருக்கிறது" என்பதே போதும், முறைச்சொல் எதுவும் இல்லாமலே அதில் மரியாதை வந்துவிடுகிறது.